நான்கு கடனை ஒன்றாக்கலாமா? இரண்டை மட்டும் ஆக்குங்கள்

"எனக்கு நான்கு கடன்கள். கிரெடிட் கார்டில் 90,000 நிலுவை, மாதம் 3 சதவீத வட்டி; 4,500 கட்டி வருகிறேன். பர்சனல் லோனில் மீதி அசல் 1,20,000, வட்டி 16 சதவீதம், இன்னும் 18 தவணை, மாதம் 7,543. மொபைல் செயலி வழியாக வாங்கிய கடனில் 30,000, வட்டி 30 சதவீதம், 12 தவணை, மாதம் 2,925. வட்டியில்லாத் தவணையில் எடுத்த மடிக்கணினிக்கு 4,000 வீதம் இன்னும் 6 மாதம். சம்பளத்தில் பாதி இதற்கே போகிறது; ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தேதி. நான்கையும் அடைத்து ஒரே கடனாக்கித் தருகிறோம், 15 சதவீத வட்டி, 5 வருடம், மாதம் 6,423 கட்டினால் போதும் என்று ஒரு வங்கியில் சொல்கிறார்கள். மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறதே, கையெழுத்துப் போட்டுவிடலாமா? வீட்டை அடமானம் வைத்தால் வட்டி இன்னும் குறையும் என்கிறார் மைத்துனர்."

இப்போதைக்குப் போடாதீர்கள். ஒரே கடனாக்குவது தப்பு என்று சொல்லவில்லை. உங்கள் நான்கில் இரண்டை மாற்றுவது நல்லது, இரண்டைத் தொடவே கூடாது. வங்கி நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறது, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நானும் சில வருடங்கள் வங்கியில் கடன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன்தான். வருகிறவரிடம் முதலில் "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். "மொத்தம் எவ்வளவு கட்டப் போகிறீர்கள்?" என்று யாரும் கேட்கச் சொன்னதில்லை. தவணை சிறியதாகத் தெரிந்தால் பேனா தானாக நகரும். உங்களுக்கும் அந்த 6,423 அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 15 சதவீதம் என்பது உங்கள் கார்டு, செயலிக் கடன், பர்சனல் லோன் மூன்றையும்விடக் குறைந்த வட்டிதான், அதில் பொய் இல்லை. ஆனால் எதையும் மாற்றாமல் இப்போது கட்டுவதையே கட்டிக்கொண்டு போனால், நான்கும் முடியும்போது நீங்கள் கட்டியிருக்கும் வட்டி மொத்தம் 70,000 சொச்சம். வங்கி சொல்கிறபடி மாற்றினால், செயலாக்கக் கட்டணத்தையும் கடனிலேயே சேர்த்து 2,70,000க்குக் கடன் எழுதுகிறார்கள் (6,423 என்ற தவணை அந்தத் தொகைக்குத்தான் பொருந்துகிறது, போட்டுப் பார்த்தேன்). 60 மாதம் கட்டினால் மொத்தம் 3,85,000 ஆகிறது. இன்றைய உங்கள் பாக்கி 2,64,000. ஆக, செலவு 1,21,000. வட்டி வீதம் குறைந்தது, வட்டித் தொகையோ 50,000க்கு மேல் கூடிவிட்டது.

எப்படி? வட்டி என்பது வீதத்தை மட்டும் பொறுத்ததில்லை, அந்தப் பணம் எத்தனை நாள் உங்களிடம் கடனாக நிற்கிறது என்பதையும் பொறுத்தது. ஒன்றரை வருடத்தில் தீர வேண்டிய கடனை ஐந்து வருடத்துக்கு இழுத்தால், வீதத்தில் கிடைத்த லாபத்தைக் காலம் தின்றுவிடுகிறது.

இதைப் பர்சனல் லோனில் மட்டும் வைத்துப் பாருங்கள், பளிச்சென்று தெரியும். மீதி 18 தவணையில் நீங்கள் கட்டப்போகிற வட்டி சுமார் 15,800. அதே 1,20,000ஐ 15 சதவீதத்தில் ஐந்து வருடமாக மாற்றினால் வட்டி 51,000ஐத் தாண்டுகிறது. சரி, காலத்தை நீட்டாமல் அதே 18 மாதத்துக்கே மாற்றினால்? ஒரு சதவீதம் குறைந்ததற்கு உங்களுக்கு மிஞ்சுவது 1,000 மட்டும். செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 2,400 போய்விடும். பழைய வங்கி முன்கூட்டி அடைப்பதற்கும் கட்டணம் கேட்டால் அது தனி. எந்தப் பக்கம் திருப்பினாலும் நஷ்டம்தான். இதை விட்டுவிடுங்கள்.

மடிக்கணினித் தவணை இதைவிட வேடிக்கை. அதற்கு இன்று வட்டியே கிடையாது; இருந்த செலவெல்லாம் வாங்கிய அன்றே விலைக்குள் போய்விட்டது. அந்த 24,000ஐப் புதுக் கடனுக்குள் போட்டால் ஐந்து வருடத்தில் 34,000 ஆகிவிடும். ஆறு மாதத்தில் சும்மா தீரவேண்டியதற்கு 10,000 வட்டி. கணினி அதுவரை ஓடுமா என்பதே சந்தேகம்.

அப்போது எதை மாற்றலாம்? கார்டையும் செயலிக் கடனையும். கார்டுதான் உங்கள் உண்மையான ஓட்டை. நீங்கள் கட்டுகிற 4,500ல் முதல் 2,700 வட்டிக்கே போகிறது; அசலில் 1,800தான் குறைகிறது. இதே 4,500ஐ விடாமல் கட்டினால் 31 மாதம் ஆகும், வட்டி மட்டும் சுமார் 49,500. அதுவும் கார்டில் புதிதாக ஒன்றுமே வாங்காமல் இருந்தால்தான். ஒரு விஷயம் கவனித்தீர்களா? 4,500 என்பது உங்கள் நிலுவையில் சரியாக 5 சதவீதம். அதாவது நீங்கள் கட்டுவது அட்டைக்காரர்கள் கேட்கிற 'குறைந்தபட்சத் தொகை'யாக இருக்க வாய்ப்பு அதிகம். நிலுவை குறையக் குறைய அவர்கள் கேட்பதும் குறையும். அவர்கள் கேட்பதை மட்டும் கட்டிக்கொண்டு போனால் மூன்று வருடம் கழித்தும் 40,000க்கு மேல் பாக்கி நிற்கும். பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்குப் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாச் சலுகை நாட்களும் கிடையாது. வாங்கிய அன்றே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும்.

ஆக, கார்டின் 90,000, செயலியின் 30,000, இரண்டும் சேர்த்து 1,20,000க்கு மட்டும் அதே வங்கியில் கேளுங்கள். கட்டணத்துக்கு 3,000 ஒதுக்கி 1,23,000 என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதத்தில் 24 மாதத்துக்குத் தவணை 5,964 வரும். கட்டணமும் சேர்த்து உங்களுக்கு ஆகும் செலவு சுமார் 23,000. இப்போதிருக்கிறபடி விட்டால் இந்த இரண்டுக்கும் சேர்த்து வட்டி 54,600. 31,000க்கு மேல் மிச்சம். மாதத் தவணையும் இந்த இரண்டுக்கு 7,425ல் இருந்து 5,964 ஆக இறங்குகிறது. வீதமும் குறைந்து காலமும் நீளாமல் இருப்பதால்தான் இது வேலை செய்கிறது. செயலிக் கடன் மட்டும் 12 மாதத்தில் இருந்து 24க்குப் போகிறது, ஆனால் வீதம் பாதியாவதால் அதில் வித்தியாசம் பெரிதாக இல்லை. கார்டு 31 மாதத்தில் இருந்து 24க்கு வருகிறது. லாபம் முழுக்க அதில்தான்.

மாதம் 1,461தானே குறைகிறது, இது என் கழுத்தைக் காப்பாற்றுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதுவும் போதாது என்றால் 36 மாதத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். தவணை 4,264 ஆகும், மாதம் 3,161 மூச்சு கிடைக்கும், மொத்தச் செலவு 33,500க்கு ஏறும். இப்போதைய 54,600க்கு அதுவும் தேவலை. அதற்கு மேல் நீட்டாதீர்கள். ஆறே மாதத்தில் மடிக்கணினியின் 4,000 தானாக விடுதலையாகப் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு நெருக்கடி ஆறு மாதத்துக்குத்தான். அதற்கு ஐந்து வருடக் கடன் வாங்குவது, ஒரு வாரக் காய்ச்சலுக்கு ஒரு வருடம் மருந்து சாப்பிடுகிற மாதிரி.

வங்கி சொன்ன ஐந்து வருடக் கடனை எடுத்துக்கொண்டு இப்போது போலவே மாதம் 18,970 கட்டினால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். கணக்குப்படி சரிதான், 16 மாதத்தில் முடிந்துவிடும், வட்டியும் கட்டணமும் சேர்ந்து 35,000தான் ஆகும். ஆனால் கூடுதலாகக் கட்டினால் வங்கி ஏற்குமா, அதற்குத் தண்டம் கேட்குமா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், 6,423 கட்டினால் போதும் என்று தெரிந்த பிறகு ஒருவர் விடாமல் 18,970 கட்டுவாரா? என் மேசைக்கு வந்தவர்களில் ஓரிருவர்தான் கட்டினார்கள். மற்றவர்களுக்கு மூன்றாவது மாதமே ஏதாவது ஒரு செலவு வந்துவிடும்.

கையெழுத்துக்கு முன்னால் வங்கியிடம் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். சொல்கிற வட்டி குறைந்துவரும் மீதிக்கா, இல்லை முழு அசலுக்கும் கடைசிவரை ஒரே மாதிரிப் போடுகிற ஃபிளாட் வட்டியா? வேறு யாராவது வந்து "10 சதவீதம்தான், ஃபிளாட்" என்றால் 15ஐவிட மலிவு என்று தோன்றும். 1,23,000க்கு இரண்டு வருடம் 10 சதவீத ஃபிளாட் என்றால் வட்டி 24,600, தவணை 6,150. பாருங்கள், 15 சதவீதக் கடனின் 5,964ஐவிட இது அதிகம். ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் வட்டி குறையாத அசலுக்கே போடப்படுகிறது. அதனால் அந்த 10 உண்மையில் 18 சதவீதத்துக்கு மேல். வீதத்தை ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். ஒரே தொகை, ஒரே காலம் சொல்லி, தவணை எவ்வளவு என்று மட்டும் இரண்டு பேரிடமும் கேளுங்கள். அப்புறம் காப்பீடு என்று ஒன்றைக் கடனோடு சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். அது கட்டாயமா என்று எழுத்தில் கேட்டாலே பல நேரம் காணாமல் போய்விடும்.

மைத்துனர் சொன்ன வீட்டு அடமானம். வட்டி குறையும் என்பது உண்மை. காரணம், வங்கிக்குப் பயம் குறைகிறது. அந்தப் பயம் எங்கேயும் போய்விடவில்லை, உங்கள் தலைக்கு மாறிவிட்டது. இன்று கார்டுப் பணத்தைக் கட்ட முடியாமல் போனால் தொல்லையான அழைப்புகள் வரும், கடன் மதிப்பெண் விழும், வழக்கு வரைக்கும் போகலாம். அடமானம் வைத்த பிறகு கட்ட முடியாமல் போனால் வீடு ஏலத்துக்குப் போகும். 1,20,000 கடனுக்கு வீட்டைப் பணயம் வைக்கிற அளவு நிலைமை உங்களுக்கு இல்லை. அடமானக் கடனுக்குச் சொத்து மதிப்பீடு, சட்டப் பரிசோதனை, பதிவு என்று முன்செலவும் வரும், காலத்தையும் பெரும்பாலும் நீட்டியே எழுதுவார்கள். பர்சனல் லோனில் பார்த்த கதைதான் இதிலும், இன்னும் நீளமாக.

நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பழைய மேசையில் இதுதான் அதிகம் நடந்தது. ஒருவர் மூன்று கார்டு பாக்கியை ஒரே கடனாக மாற்றிக்கொண்டு போனார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. ஒன்றரை வருடம் கழித்துத் திரும்ப வந்தார். எங்கள் கடனும் பாதிக்கு மேல் நின்றது, மூன்று கார்டும் மறுபடி நிறைந்திருந்தது. அவர் ஊதாரி இல்லை. கார்டுகளைக் காலியாக்கினோம், ஆனால் மூடவில்லை. மாதக் கடைசியில் கை சுருங்கும்போது காலி கார்டு கண்ணுக்குப் பணமாகத் தெரிகிறது. கடனை ஒன்றாக்கியதால் அவருக்குக் கடன் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆனது.

ஆகவே, கடைசி ஆறு மாதக் கார்டு அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். அந்த 90,000 எப்படி ஏறியது? ஒரு பெரிய செலவு, ஒரே தடவை, அப்புறம் வட்டியால் வளர்ந்தது என்றால் மேலே சொன்ன மாற்றம் உங்களுக்குப் பொருந்தும். அப்படி இல்லாமல் மளிகை, மின்கட்டணம், எரிபொருள் என்று மாதாமாதம் சிறு வரிகளாக நிறைந்திருந்தால், வருமானத்துக்கு மேல் செலவு போகிறது என்று அர்த்தம். அந்த இடைவெளியை எந்தக் கடனும் அடைக்காது. முதலில் செலவிலோ வருமானத்திலோ கை வைத்து, கார்டே தொடாமல் இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். முடிகிறது என்றால் மூன்றாம் மாதம் வங்கிக்குப் போகலாம். ஏற்கெனவே தவணை தவற ஆரம்பித்திருந்தால் கதை வேறு. அப்போது புதுக் கடன் தேடி நாலு இடத்தில் விண்ணப்பம் போடுவதைவிட, இப்போது கடன் கொடுத்தவர்களிடமே போய்க் காலத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது மேல். தவறிய பிறகு கிடைக்கும் புதுக் கடன் 15 சதவீதத்தில் இருக்காது.

எல்லாம் சரிப்பட்டு 1,23,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடிந்தால் பணம் உங்கள் கணக்குக்கே வர வேண்டாம். வங்கியே கார்டுக்கும் செயலி நிறுவனத்துக்கும் நேரே செலுத்தட்டும். உங்கள் கணக்குக்குத்தான் வரும் என்றால், வந்த அன்றே இரண்டையும் அடையுங்கள். இங்கே பலர் சறுக்குகிற ஒரு சின்ன இடம் உண்டு. கார்டு அறிக்கையில் 90,000 என்று இருந்தால், அறிக்கைத் தேதிக்கும் நீங்கள் கட்டுகிற தேதிக்கும் நடுவில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மாதம் 3 சதவீதம் என்றால் 15 நாளைக்கு 1,350. நீங்கள் 90,000 கட்டிவிட்டு முடிந்தது என்று நினைப்பீர்கள். அடுத்த அறிக்கையில் அந்த 1,350 வந்து நிற்கும். முடிந்த கார்டுதானே என்று பார்க்காமல் விட்டால் தாமதக் கட்டணம், கடன் பதிவில் ஒரு கரும்புள்ளி. அதனால் வாடிக்கையாளர் சேவையில் கூப்பிட்டு, "இன்ன தேதியில் கட்டினால் முழுதாக முடிய எவ்வளவு?" என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். அடுத்த இரண்டு அறிக்கைகளிலும் சுழியம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கோப்பை மூட வேண்டும்.

செயலிக் கடனுக்கும் இதே மாதிரி முடிப்புத் தொகையைக் கேட்டு வாங்குங்கள், முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்து. அது அதிகமாக இருந்தால் செயலிக் கடனை அப்படியே ஓடவிட்டு, கார்டை மட்டும் மாற்றினாலும் பெரிய லாபம் கைக்கு வந்துவிடும். அடைத்தபின் பாக்கி இல்லை என்ற சான்றைக் கையில் வாங்காமல் கணக்கில் இருக்கும் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்தாதீர்கள். சான்று வந்ததும் அன்றே நிறுத்திவிடுங்கள். இரண்டில் எதை முன்பின்னாகச் செய்தாலும் ஒன்று தவணை தவறும், இல்லை கட்டிய கடனுக்கு மறுபடி பிடிப்பார்கள், அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

கார்டை என்ன செய்வது? இது ஒன்றுதான் இருக்கிறது, அவசரத்துக்கு வேண்டும் என்றால் மூட வேண்டாம். வரம்பைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், ஒரு மாதச் செலவில் கால்வாசிக்கு மேல் போகாத அளவுக்கு. வேறு கார்டும் இருந்தால் இதை மூடிவிடுங்கள். கடன் மதிப்பெண் சற்று இறங்கும் என்று பயமுறுத்துவார்கள். உங்களுக்கு அடுத்த இரண்டு வருடம் புதுக் கடனே தேவையில்லை, மதிப்பெண் அதற்குள் தானாக ஏறிவிடும்.

புதுக் கடன் ஒப்பந்தத்தில் இடையில் கூடுதலாகக் கட்டினால் கட்டணம் இல்லை என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏழாம் மாதம் மடிக்கணினியின் 4,000 உங்கள் கைக்கு வரும். அதைச் செலவுக்கு எடுக்காமல் இந்தக் கடனில் 5,964ஓடு சேர்த்துக் கட்டினால், 24 மாதம் என்று எழுதிய கடன் 17ஆம் மாதமே தீர்ந்துவிடும். அன்றைக்கு உங்களுக்கு மிச்சம் இருப்பது பர்சனல் லோனின் ஒரே ஒரு தவணை, 7,543.